பாராட்டுக் குறிப்புக்கு முன் வவுச்சர்களைப் பாருங்கள்

கேள்வி: நான் கணக்குப் பிரிவு மேலாளர். சப்ளையர் பில், பேமெண்ட் பார்க்கிறவர் உடம்பு சரியில்லாமல் ஐந்து வாரம் விடுப்பில் போய்விட்டார். அவர் வேலையை எல்லோரும் பிரித்துக்கொண்டார்கள் என்று நினைத்திருந்தேன். பக்கத்து இருக்கையில் வங்கிக் கணக்குச் சரிபார்ப்பு பார்க்கிற பெண்தான் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறார். விடுப்பில் போனவர் திரும்பி வந்து சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. பாராட்டி எழுத உட்கார்ந்தால் "உங்கள் அர்ப்பணிப்புக்கு நன்றி" என்பதைத் தாண்டி எதுவும் வரவில்லை. எப்படி எழுதுவது? யாருக்கெல்லாம் நகல் போடுவது?

பதில்:

வார்த்தை வராததற்குக் காரணம் எளிது. அவர் என்ன செய்தார் என்பது உங்களுக்கு இன்னும் தெரியாது. "முழுக்கப் பார்த்துக்கொண்டார்" என்ற ஒரு வரித் தகவல்தான் கையில் இருக்கிறது. அதை வைத்து எழுதினால் அர்ப்பணிப்பு, கடின உழைப்பு, முன்மாதிரி என்று எந்த ஊழியருக்கும் பொருந்துகிற சொற்கள்தான் வரும். எழுதுவதை இரண்டு நாள் தள்ளிவையுங்கள். அந்த இரண்டு நாளில் விவரம் சேகரியுங்கள். உங்கள் பிரிவில் அதற்கு ஒரு வசதி இருக்கிறது, மற்றப் பிரிவு மேலாளர்களுக்கு அது கிடைக்காது: கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு வவுச்சரிலும் யார் பதிந்தார், எப்போது பதிந்தார் என்பது நிற்கும்.

அந்த ஐந்து வாரத்தை மட்டும் எடுத்து, அவர் பெயரில் பதிவான சப்ளையர் பில்களையும் பேமெண்ட் பட்டியல்களையும் வரிசையாகப் பாருங்கள். ஐந்து வாரம் என்றால் நடுவில் ஒரு மாத முடிவு கட்டாயம் வந்திருக்கும். சரக்கு வந்து பில் வராதவற்றுக்கு ஒதுக்கீடு போடுவது, சப்ளையர் பாக்கிப் பட்டியலை லெட்ஜருடன் ஒப்பிடுவது எல்லாம் விடுப்பில் போனவருடைய வேலை. அதே நாட்களில் இவருடைய சொந்த வேலையான வங்கிச் சரிபார்ப்பும் உச்சத்தில் இருந்திருக்கும். இரண்டும் ஒரே வாரத்தில் மோதியபோது எதை முன்னே வைத்தார், எதைப் பின்னே தள்ளினார் என்று தேதிகளே சொல்லும். பொது மின்னஞ்சல் பெட்டியில் சப்ளையர்களுக்குப் போன பதில்களையும் ஒரு பார்வை பாருங்கள். பேமெண்டுக்கு ஒப்புதல் கொடுத்தவரிடமும் பேசுங்கள். அந்த வாரங்களில் பட்டியல் எப்படி வந்தது, கேள்வி கேட்டால் பதில் எப்படி வந்தது என்பது அவருக்குத்தான் தெரியும்.

இதையெல்லாம் தொடங்கும் முன் அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். மேலாளர் திடீரென்று தன் பதிவுகளைத் தோண்டுகிறார் என்று தெரிந்தால் யாருக்கும் வயிற்றைக் கலக்கும். "நீங்கள் செய்ததை நான் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும், அதற்காகத்தான் பார்க்கிறேன்" என்றால் போதும். அப்புறம் அவரிடமே இரண்டு கேள்வி கேளுங்கள். "எப்படிச் சமாளித்தீர்கள்?" என்று கேட்காதீர்கள். அதற்கு "ஏதோ பார்த்துக்கொண்டேன் சார்" என்றுதான் பதில் வரும். "எந்த வாரம் ரொம்பக் கஷ்டமாக இருந்தது?", "எதைச் செய்யாமல் விட வேண்டியிருந்தது?" என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலில்தான் பெரும்பாலும் விஷயம் இருக்கும்.

என்ன கிடைக்கும்? உங்கள் அலுவலகத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் இந்த வேலையில் ஆள் இல்லாத வாரங்களில் என்ன நடக்கும் என்பது தெரியும். முதலில், பணம் வராத சப்ளையர்கள் அதே பில்லை மறுபடி அனுப்புவார்கள். பில் எண்ணில் ஒரு கோடு கூடவோ குறையவோ இருந்தால் மென்பொருள் அதை வேறு பில் என்று எடுத்துக்கொள்ளும், இரண்டு முறை பணம் போய்விடும். பர்ச்சேஸ் ஆர்டர், சரக்கு வரவுச் சீட்டு, பில் மூன்றையும் வைத்து ஒப்பிட்டால் இது பிடிபடும். அவசரத்தில் முதலில் கைவிடப்படுவதும் அந்த ஒப்பீடுதான்.

இன்னொன்று, "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனிமேல் இந்தக் கணக்குக்கு அனுப்புங்கள்" என்ற மின்னஞ்சல். இப்படி ஏமாற்றுகிறவர்களுக்கு, வழக்கமான ஆள் இல்லாத நேரம் வசதியானது. புதிதாக உட்கார்ந்தவருக்கு அந்த சப்ளையரின் குரலும் தெரியாது, பழக்கமும் தெரியாது. அந்த மின்னஞ்சலில் இருக்கும் எண்ணை விட்டுவிட்டு, சப்ளையர் மாஸ்டரில் முன்பே இருக்கிற எண்ணுக்குக் கூப்பிட்டு உறுதி செய்துகொண்டு, அதுவரை பேமெண்டை நிறுத்தி வைத்திருந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். கோரிக்கை உண்மையானதாகவே இருந்திருக்கலாம். அப்போதும் அவர் செய்தது சரிதான், பாராட்டத் தக்கதுதான்.

உங்கள் கேஸில் நான் முதலில் தேடுவது வேறொன்றை. பணம் அனுப்பும் பட்டியலைத் தயாரிக்கிறவரும், பிறகு வங்கி ஸ்டேட்மெண்டுடன் ஒப்பிடுகிறவரும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது என்பது கணக்குப் பிரிவின் அடிப்படை விதி. தவறு நடந்தாலும் மோசடி நடந்தாலும் அதைக் கண்டுபிடிக்க வேண்டிய கண், அதைச் செய்த கண்ணாகவே இருந்துவிடும். அந்த ஐந்து வாரம் உங்கள் பிரிவில் இரண்டு வேலையும் ஒருவரிடம் வந்து சேர்ந்திருக்கின்றன. அந்தப் பெண் அப்போது என்ன செய்தார்? வங்கிச் சரிபார்ப்பை மட்டும் வேறொருவரிடம் கொடுத்தாரா? தானே தயாரித்து, சரிபார்க்க இன்னொருவரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கினாரா? அப்படி ஏதாவது செய்திருந்தால் உங்கள் குறிப்பின் நடுப்பகுதி கிடைத்துவிட்டது. கூடுதல் நேரம் உட்கார்ந்து இரட்டை வேலை பார்க்கப் பலரால் முடியும். தலைக்கு மேல் வேலை இருக்கும்போது, யாரும் கேட்காமலே "இந்த ஒன்றை நான் செய்யக்கூடாது" என்று ஒதுக்கி வைப்பதற்குத் தொழில் தெரிந்திருக்க வேண்டும்.

அப்படி எதுவும் செய்யவில்லை, இரண்டையும் தானே முடித்துவிட்டார் என்றால்? அவரைக் குற்றம் சொல்ல முடியாது. வேலையை யார் பார்ப்பது என்று எழுத்தில் பிரித்துக் கொடுக்க வேண்டியது நீங்கள். ஆனால் குறிப்பில் "பில் பதிவிலிருந்து வங்கிச் சரிபார்ப்பு வரை எல்லாவற்றையும் தனி ஆளாக முடித்தீர்கள்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். உங்களுக்கு அது புகழ்ச்சி. ஆடிட்டர் படித்தால், கட்டுப்பாடு இல்லாமல் ஐந்து வாரம் ஓடியதற்கு நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சாட்சி. அந்தக் காலத்து வங்கிச் சரிபார்ப்பை வேறொருவரை வைத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். குறிப்பில் வேறு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இதே போல இன்னொரு சிக்கலும் உண்டு. பதிவுகளைப் பார்க்கும்போது, விடுப்பில் இருந்தவர் பெயரிலேயே அந்த நாட்களில் வவுச்சர்கள் பதிவாகியிருந்தால், அவருடைய பாஸ்வேர்டை வாங்கி இவர் உள்ளே போயிருக்கிறார் என்று அர்த்தம். நல்ல எண்ணத்தில்தான் நடந்திருக்கும், பல அலுவலகங்களில் நடக்கிறது. அதைக் குறிப்போடு சேர்க்காமல் தனியாக, அமைதியாக இருவரிடமும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். பாராட்டுக் கடிதத்தின் கடைசியில் "ஆனால் இனிமேல்" என்று ஒரு பத்தி வந்தால், அந்தப் பத்திதான் அவர் நினைவில் நிற்கும். முதலில் இந்தப் பேச்சை முடித்துவிட்டு, ஓரிரு நாள் கழித்துக் குறிப்பைக் கொடுங்கள்.

சரி, எழுதுவதற்கு வருவோம். விவரம் இல்லாமல் உணர்ச்சி மட்டும் இருக்கும்போது குறிப்பு பெரும்பாலும் இப்படித்தான் வரும்:

"உங்கள் சகா கடும் நோயால் அவதிப்பட்டபோது, இரவு பகல் பாராமல், ஒரு வார்த்தை புகார் சொல்லாமல், அவருடைய முழுச் சுமையையும் உங்கள் தோளில் ஏற்றுக்கொண்டீர்கள். நீங்கள் இல்லாவிட்டால் நம் பிரிவே நின்றுபோயிருக்கும். உங்களைப் போன்றவர்கள்தான் நமக்கு முன்மாதிரி."

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் விடுப்பில் போனவர் இதைப் படிப்பதாக நினைத்துப் பாருங்கள். அவர் ஒரு சுமை, அவரால் பிரிவே நிற்க இருந்தது. உடம்பு தேறி இப்போதுதான் வந்திருக்கிறார், அடுத்த முறை காய்ச்சலோடு வந்து உட்காருவார். அவருடைய உடல்நிலை அவருடைய சொந்த விஷயம். எந்த நோய், எவ்வளவு கடுமை என்பதெல்லாம் இன்னொருவரின் பாராட்டுக் கடிதத்தில் இடம்பெறத் தேவையில்லை. "விடுப்பில் இருந்த ஐந்து வாரங்களில்" என்றால் படிப்பவருக்குப் புரியும். "உடல்நிலை" என்ற சொல்லே வேண்டாம். அவர் பெயரைப் போட வேண்டுமென்றால் அவரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

அடுத்து "ஒரு வார்த்தை புகார் சொல்லாமல்". இதில்தான் எனக்கு அதிகமாக உடன்பாடு இல்லை. அவர் வாய் திறக்காமல் இருந்ததை நீங்கள் பெருமையாக எழுதினால், படிக்கிற மற்றவர்கள் என்ன எடுத்துக்கொள்வார்கள்? உதவி கேட்டால் மதிப்புக் குறையும் என்றுதான். உண்மையில் அவர் இரண்டாவது வாரமே உங்களிடம் வந்து சொல்லியிருந்தால் எல்லோருக்கும் நல்லது. அவர் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் அடக்கமாக இருக்கலாம், தயக்கமாகவும் இருக்கலாம், சொன்னாலும் ஆள் தரமாட்டார்கள் என்ற அனுபவமாகவும் இருக்கலாம். அவர் செய்ததைப் பாராட்டுங்கள், சொல்லாமல் இருந்ததைப் பாராட்டாதீர்கள்.

"இரவு பகல் பாராமல்" என்பதிலும் கவனம் தேவை. கூடுதல் நேரத்துக்குச் சம்பளமோ மாற்று விடுப்போ கொடுக்க வேண்டிய இடமாக இருந்தால், கூடுதல் நேரம் உழைத்தார் என்று எழுத்தில் ஒப்புக்கொண்டுவிட்டு ஒன்றும் கொடுக்காமல் விடுவது நன்றாக இருக்காது, சட்டப்படியும் சிக்கலாகலாம். மனிதவளப் பிரிவிடம் அதை முதலில் பேசி முடியுங்கள்.

இவற்றையெல்லாம் கழித்துவிட்டு, உங்களுக்குக் கிடைக்கக்கூடிய விவரங்களை ஊகித்து ஒரு குறிப்பு எழுதிப் பார்க்கிறேன். நடந்தது வேறாக இருந்தால் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். நடக்காத ஒன்றை அழகுக்காக விட்டுவைக்காதீர்கள்.

"வணக்கம்.

சப்ளையர் பேமெண்ட் வேலை ஐந்து வாரம் உங்கள் கையில் இருந்தது என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. நான் முன்பே கவனித்திருக்க வேண்டும். இப்போது பதிவுகளைப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

வாராந்திர பேமெண்ட் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போகவில்லை. மாத முடிவில், பில் வராத சரக்குகளுக்கான ஒதுக்கீட்டையும் குறித்த நாளில் கொடுத்திருக்கிறீர்கள். மறுபடி அனுப்பப்பட்ட இரண்டு பில்களைச் சரக்கு வரவுச் சீட்டோடு ஒப்பிட்டுப் பிடித்து நிறுத்தியிருக்கிறீர்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. பேமெண்ட் உங்களிடம் வந்த அன்றே வங்கிச் சரிபார்ப்பை வேறொருவரிடம் கொடுத்திருக்கிறீர்கள். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த வேலையைக் கொடுத்துவிட்டு, பழக்கமில்லாத வேலையை வைத்துக்கொண்டீர்கள். இரண்டும் ஒருவரிடம் இருக்கக்கூடாது என்று உங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அந்த முடிவால்தான் அந்த மாதத்துக் கணக்கை எந்தத் தயக்கமும் இல்லாமல் என்னால் மேலே அனுப்ப முடிந்தது.

திங்கள்கிழமையிலிருந்து பேமெண்ட் வேலை முழுவதும் பழையபடி மாறிவிடும். இந்த வாரங்களில் நீங்கள் தள்ளிவைத்த உங்கள் வேலைகளை முடிக்க இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள், அதுவரை புதிதாக எதுவும் உங்களிடம் வராது. கூடுதலாக உட்கார்ந்த நேரத்துக்கான மாற்று விடுப்பு பற்றி மனிதவளப் பிரிவிடம் பேசிவிட்டேன், அவர்களே உங்களிடம் சொல்வார்கள்.

நன்றி."

இவ்வளவுதான், ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிடும். இதில் "அர்ப்பணிப்பு" எங்கேயும் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள், தேவைப்படவும் இல்லை. பாராட்டுகிற வாக்கியங்களில் பெரும்பாலும் எழுவாய் "நீங்கள்", வினைச்சொல் அவர் செய்த ஒரு காரியம். உங்களுக்கு என்ன நன்மை கிடைத்தது என்பது ஒரே ஒரு இடத்தில் வருகிறது. இது வெறும் நடை விருப்பம் இல்லை. சாரா ஆல்கோ என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், தம்பதிகள் ஒருவருக்கொருவர் நன்றி சொல்வதைப் பதிவு செய்து பார்த்தார்கள். "எனக்கு இந்த நன்மை கிடைத்தது" என்று பேசியதைவிட, எதிரில் இருப்பவர் செய்த செயலையும் அவருடைய குணத்தையும் எடுத்துச் சொன்னதுதான் கேட்டவர் மனதில் பட்டது. தம்பதிகளை வைத்துச் செய்த ஆய்வை அலுவலகத்துக்கு அப்படியே பொருத்த முடியாது என்பது உண்மைதான். ஆனால் மேலாளர்கள் எழுதும் நன்றிக் கடிதங்களைப் படித்தால், பாதிக்கு மேல் "எனக்கு நிம்மதி, எனக்குப் பெருமை" என்று எழுதியவரைப் பற்றியே இருக்கும். அதனால் இதைச் சொல்கிறேன்.

கடைசிப் பத்தி பாராட்டுக் குறிப்பில் எதற்கு என்று தோன்றலாம். என் கணக்கில் அவர் முதலில் தேடிப் படிக்கப்போவது அதைத்தான். தற்காலிகமாக எடுத்த வேலை நிரந்தரமாக ஒட்டிக்கொள்வது அலுவலகங்களில் சர்வசாதாரணம். திரும்பி வந்தவர் இன்னும் முழு வேகத்தில் இல்லை, இவருக்கு வேலை பழகிவிட்டது, சரி, அப்படியே ஓடட்டும் என்று யாரும் முடிவெடுக்காமலே ஒரு முடிவு எடுக்கப்பட்டுவிடும். அந்த நிலையில் பாராட்டுக் கடிதம் வந்தால், "நன்றாகச் செய்கிறாய், தொடர்ந்து செய்" என்றுதான் படிக்கத் தோன்றும். வேலை எந்தத் தேதியில் கை மாறுகிறது என்று எழுதிவிட்டால் அந்தச் சந்தேகம் எழாது. தேதி இன்னும் முடிவாகவில்லை என்றால், முடிவாகும் வரை குறிப்பை அனுப்பாதீர்கள். அதே போல மாற்று விடுப்பு விஷயத்தில் பேசி முடித்ததை மட்டும் எழுதுங்கள். "உங்கள் உழைப்பு நிச்சயம் மறக்கப்படாது" போன்ற வாக்கியத்தை அவர் சம்பள உயர்வு வாக்குறுதியாக எடுத்துக்கொள்வார், அதில் தவறும் இல்லை.

நகல் விஷயம். குறிப்பு முதலில் அவருக்கு மட்டும் போகட்டும். அவர் இத்தனை நாள் யாரிடமும் சொல்லாமல் இருந்தவர். எல்லோர் முன்னாலும் பெயர் சொல்லப்படுவது அவருக்குப் பிடிக்குமா என்று உங்களுக்குத் தெரியாது. கொடுத்துவிட்டு, "இதன் நகலை உங்கள் கோப்பில் வைக்கவும் என் மேலதிகாரிக்கு அனுப்பவும் விரும்புகிறேன், சரியா?" என்று கேளுங்கள். இந்த இரண்டு நகலுக்கும் பொதுவாக யாரும் மறுப்புச் சொல்வதில்லை. ஆண்டு மதிப்பீட்டின்போது கையில் இருக்கப்போவது அதுதான். மதிப்பீடு பல மாதம் தள்ளி வரும், அதற்குள் நீங்கள் வேறு பிரிவுக்கு மாறியிருக்கலாம். கோப்பில் தேதியோடு, விவரத்தோடு ஒரு பக்கம் இருந்தால் அடுத்து வருகிற மேலாளருக்கும் புரியும். "அர்ப்பணிப்புள்ள ஊழியர்" என்ற வரி அங்கே ஒரு பயனும் தராது, "பேமெண்டையும் வங்கிச் சரிபார்ப்பையும் பிரித்து வைத்தார்" என்ற வரி பதவி உயர்வுப் பேச்சில் எடுத்துக் காட்ட உதவும்.

பிரிவில் எல்லோருக்கும் அனுப்புவது வேறு கணக்கு. வங்கிச் சரிபார்ப்பை வாங்கிக்கொண்டவர் என்று ஒருவர் இருந்தால் அவருக்கும் தனியாக இரண்டு வரி போக வேண்டும், அதுவும் அதே நாளில். ஒருவரை மட்டும் பெயர் சொல்லிப் பாராட்டி எல்லோருக்கும் அனுப்பிவிட்டு, அரை நாள் கழித்து இன்னொருவர் நினைவுக்கு வந்தால் சரிசெய்யவே முடியாது. எல்லோருக்கும் அனுப்பத்தான் வேண்டுமென்றால், விடுப்பில் போய் வந்தவரிடம் முன்கூட்டியே காட்டிவிடுங்கள். அவர் முகம் சுளிக்கிற வரி எதுவாக இருந்தாலும் எடுத்துவிடுங்கள். அவரே தன் பங்குக்கு ஒரு நன்றி சொல்ல விரும்பலாம். அதை உங்கள் கடிதத்துக்குள் இழுக்காமல் அவர்களுக்குள் விட்டுவிடுங்கள்.

தாமதமாகிவிட்டதே, இப்போது எழுதினால் சங்கடமாக இருக்குமே என்று யோசிக்கிறீர்கள் என்றால், அமித் குமார், நிக்கலஸ் எப்லி இருவரும் 2018-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேரடியாகப் பொருந்துகிறது. நன்றிக் கடிதம் எழுதியவர்களிடம், பெறுகிறவருக்கு எப்படி இருக்கும் என்று ஊகிக்கச் சொன்னார்கள். பிறகு பெற்றவர்களிடமே கேட்டார்கள். எழுதியவர்கள் நினைத்ததைவிடப் பெற்றவர்களுக்கு வியப்பும் மகிழ்ச்சியும் அதிகமாக இருந்தன, சங்கடம் குறைவாக இருந்தது. எழுதுகிறவர்கள் சரியான வார்த்தை கிடைக்கவில்லையே என்று கவலைப்பட்டார்கள், பெற்றவர்கள் அதை அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. அதனால் மேலே இருக்கும் மாதிரியை மெருகேற்ற ஒரு வாரம் எடுத்துக்கொள்ளாதீர்கள். விவரம் சரியாக இருக்கிறதா என்று மட்டும், பேமெண்டுக்கு ஒப்புதல் கொடுத்தவரிடம் ஒருமுறை காட்டிச் சரிபாருங்கள். பில் எண்ணிக்கையோ தேதியோ தவறாக இருந்தால் கணக்குப் பிரிவுக்காரர் கண்ணில் முதலில் அதுதான் படும்.

அச்சிட்டுக் கையெழுத்துப் போட்டு நேரில் கொடுங்கள், மின்னஞ்சல் கோப்புக்கு இருக்கட்டும். கொடுக்கும்போது "இதெல்லாம் எதற்கு சார், யாராக இருந்தாலும் செய்திருப்பார்கள்" என்று சொல்வார். மறுத்து வாதாட வேண்டாம். வங்கிச் சரிபார்ப்பை ஏன் அன்றே கைமாற்றினார் என்று கேளுங்கள், அதைப் பற்றிப் பேச அவரிடம் நிறைய இருக்கும். அப்போதே, அடுத்த முறை யாராவது நீண்ட விடுப்பில் போனால் எந்த வேலை யாரிடம் போக வேண்டும் என்று ஒரு பட்டியல் தயாரிக்க அவருடைய யோசனையையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பட்டியலை எழுதுவது மட்டும் உங்கள் வேலையாக இருக்கட்டும், அதையும் அவர் தலையில் கட்டிவிடாதீர்கள்.